சிகரெட்டை விட்டவனுக்கு நிகோடின் பாசிட்டிவ்: வேலைக்கு முந்தைய சோதனையில் உங்கள் அனுபவம் என்ன?

அல்சூர்வாசி
பெங்களூருவில் இருக்கும் நம் ஆட்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் 11 வருடம் சிகரெட் பிடித்தவன். மகள் பிறந்ததும் விட்டேன், ஐந்து மாதம் ஆகிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தரும் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம்தான் கைகொடுத்தது. இப்போதும் நாளைக்கு ஆறேழு மெல்லுகிறேன்.

போன மாதம் வெளிவட்டச் சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. ஆஃபர் லெட்டரில் 'மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. வழக்கமான ரத்தம், எக்ஸ்ரே என்று நினைத்துப் போனேன், சிறுநீரும் எடுத்தார்கள். படிவத்தில் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன், அதுதான் உண்மை. நான்கு நாள் கழித்து ஹெச்.ஆரிடமிருந்து ஃபோன்: "நிகோடின் பாசிட்டிவ் வந்திருக்கு சார், நீங்க மறைச்சிருக்கீங்க." சேரும் தேதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேலை போவதைவிட, பொய் சொன்னவன் என்ற பெயர்தான் வலிக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கம்மனஹள்ளி செந்தில்
எனக்கும் நடந்தது தம்பி, டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது. வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுத்தார்கள், பிரீமியத்தைக் கூட்டிவிட்டார்கள். பேசாமல் கட்டிவிட்டேன். நீங்களும் அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அல்சூர்வாசி
அண்ணா, அங்கே கூடுதலாகப் பணம் கட்டினால் பாலிசி கிடைக்கும். இங்கே வேலையே கிடைக்காது.

ராஜாஜிநகர் லேப் அக்கா
தம்பி, நான் 14 வருடமாக லேபில் இருக்கிறேன். பெயர்தான் நிகோடின் சோதனை, உண்மையில் பார்ப்பது கோட்டினின். நிகோடின் இரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும், அதை நம்பிச் சோதிக்க முடியாது. கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்றுகிறது. அது பாதியாகக் குறைய 16 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். பீடியோ, ஹான்ஸோ, நீங்கள் மெல்லும் கம்மோ, எதிலிருந்து வந்தாலும் கோட்டினின் ஒன்றுதான். சோதனைப் பட்டைக்கு வித்தியாசம் தெரியாது.

சிறுநீர்ப் பட்டையில் பல இடங்களில் எல்லையாக வைப்பது மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம். ஒருவருக்கு 1000 இருக்கிறது என்று வையுங்கள். கடைசியாகப் பிடித்து 18 மணி நேரத்தில் 500, 36-ல் 250, 54-ல் 125 என்று இறங்கும். மூன்றாம் நாளே நெகட்டிவ். ஆக, சனி ஞாயிறு மட்டும் பாக்கெட் பாக்கெட்டாக ஊதுகிறவர் வியாழக்கிழமை சாம்பிள் கொடுத்தால் சுத்தமானவர். விட்டுவிட்டு ஒழுங்காகக் கம் மெல்லுகிறவர் மாட்டுவார். எனக்கு இது பல வருடமாக உறுத்துகிற விஷயம்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. புகையிலையில் அனாபசின் என்று இன்னொரு பொருள் உண்டு, மருந்துக்கடைக் கம்மில் அது இருக்காது. அதே சாம்பிளைப் பெரிய கருவியில் போட்டு கோட்டினினையும் அனாபசினையும் எண்ணாகத் தரச் சொல்லுங்கள். எங்கள் லேபில் அது இல்லை, வெளியேதான் அனுப்புவோம். சாம்பிளைக் கொட்டுவதற்கு முன் இன்றே எழுத்தில் கேளுங்கள். கம் வாங்கிய பில்லும் இருந்தால் வையுங்கள்.

வைட்ஃபீல்டு பாபு
கத்தரிக்காயில்கூட நிகோடின் இருக்கிறதே அக்கா. எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டதாகச் சொல்லிவிடலாமே?

ராஜாஜிநகர் லேப் அக்கா
இருப்பது உண்மைதான் பாபு. ஆனால் ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போகிற அளவு வேண்டுமானால் சுமார் 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். அதைச் சொன்னால் தம்பி சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் ஊதிய புகையாலும் பொதுவாக 200-ஐத் தொடாது.

ஹெச்.எஸ்.ஆர். கார்த்தி
எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கேஸ் போடுங்கள் நண்பா, கண்டிப்பாக ஜெயிக்கலாம்.

ஹெப்பால் மீனா
கார்த்தி, தீர்ப்பு நீங்கள் சொன்னதுதான். ஆனால் அடிப்படை உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும், தனியார் கம்பெனி மீது அது பாயுமா என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. புகைபிடிப்பவரை வேலைக்கு எடுக்காதே என்றும் எடு என்றும் நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. 2003-ன் புகையிலைச் சட்டம் அலுவலகத்துக்குள் புகைப்பதைத் தடுக்கிறது, வீட்டு மாடியில் பிடிப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் புகைபிடிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே செய்ய முடியாததை இங்கே செய்துவிட முடிகிறது.

நானும் ஹெச்.ஆரில்தான் இருக்கிறேன். முன்பு இருந்த இடத்தில் கிளையன்ட் கேட்கிறார் என்று இதே சோதனையை நடத்தினேன். நியாயம்தான் என்று அப்போது நம்பினேன். உலக சுகாதார நிறுவனமே 2005 முதல் புகைபிடிப்பவரை எடுப்பதில்லை, மருத்துவத் துறை சார்ந்த வேலையில் கேட்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன். மனம் மாறியது ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுத்தபோது. வெற்றிலையோடு புகையிலை போடும் தர்மபுரிக்கார அம்மாக்கள் மூன்று பேரை இந்தச் சோதனையால் ஒரே நாளில் நிராகரித்தார்கள். சம்மதத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் குடித்த மேனேஜரை யாரும் சோதிக்கவில்லை.

அல்சூர் சார், நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் ஒப்புதல். 2011-ன் தகவல் விதிகளில் உடல்நிலை விவரம் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தனிப்பட்ட தகவல். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் 'நிகோடின்' என்ற சொல் இருந்ததா?

அல்சூர்வாசி
இல்லை அக்கா. 'நிறுவனம் தேவையென நினைக்கும் பரிசோதனைகள்' என்றுதான் இருந்தது.

கம்மனஹள்ளி செந்தில்
வேலை கொடுக்கிறவன் பக்கமும் யோசியுங்கள். குரூப் இன்சூரன்ஸ் செலவு அவனுக்குத்தானே? என் அண்ணன் நுரையீரல் புற்றுநோயில் போனவர். யாராவது இப்படி மிரட்டியிருந்தால் விட்டிருப்பாரோ என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹெப்பால் மீனா
அண்ணா, உங்கள் இழப்பு பெரியது. ஆனால் இங்கே மிரட்டப்படுகிறவர் விட்டவர்.

அல்சூர்வாசி (பன்னிரண்டு நாள் கழித்து)
லேப் அக்கா சொன்னபடி அன்றைக்கே மெயில் அனுப்பினேன். சாம்பிள் குளிர்பெட்டியில் இருந்தது. செலவு என்னுடையது என்றார்கள், சரி என்றேன். கோட்டினின் 640, அனாபசின் 2-க்குக் கீழே. கம் பில்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ராஜாஜிநகர் லேப் அக்கா
நல்லது தம்பி. ஆனால் இது சில நாள் கதையை மட்டும்தான் சொல்லும், ஐந்து மாதத்துக்குச் சாட்சியாகாது. வேப் எனும் மின்சிகரெட் பிடிப்பவருக்கும் அனாபசின் தெரியாமல் போகலாம். 2019-லேயே தடை செய்தது என்றாலும் இந்த ஊரில் கிடைக்கத்தான் செய்கிறது. அதைக் கேட்டால் இந்தத் தாளை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பில்தான் துணை.

அல்சூர்வாசி
அதைக் கேட்கவில்லை அக்கா. 'மறைத்தார்' என்ற குறிப்பை எடுத்துவிட்டார்கள், சேரும் தேதியும் வந்துவிட்டது. ஆனால் 60 நாளில் மறுபடி சோதனையாம், அப்போது கம்மும் இருக்கக் கூடாதாம். டாக்டர் கம்மை மெதுவாகத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அவசரப்பட்டால் பழையபடி சிகரெட்டுக்குப் போய்விடுவேன் என்று பயப்படுகிறார்.

இன்னொன்று. ரிப்போர்ட் இருந்த மெயிலில் என் வருங்கால டீம் லீடும் இருக்கிறார். சர்க்கரை அளவு உட்பட என் முழு ரிப்போர்ட்டும் அவர் இன்பாக்ஸில் கிடக்கிறது. அழிக்கச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. சேருவதற்கு இன்னும் ஒன்பது நாள்தான். மீனா அக்கா, சேர்ந்த பிறகு கேட்பதா, இப்போதே மறுபடி எழுதுவதா?