கணக்கு மாதிரி தெரியும், ஆனா டாக்குமெண்ட் தேடணும்: ரூட்டர் அனுபவங்கள்

வழிப்பலகை

டாக்குமெண்டைத் தேடிப் பதில் சொல்ற பாட்டுக்கு முன்னால ஒரு ரூட்டர் வச்சு, அரட்டையை ஒரு பக்கம், தேடலை ஒரு பக்கம், கணக்கை ஒரு பக்கம்னு பிரிச்சு விடுறவங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க. லாக்ல பிடிபட்ட தவறான திருப்பங்களை இங்க போடுங்க. என்ன கேள்வி, எங்க போச்சு, எங்க போயிருக்கணும், ஏன் – இந்த நாலும் இருந்தா போதும்.

முதல் கேஸ் நான் தர்றேன். விடுப்பு விதிகளுக்கான ஒரு பாட். கேள்வி இது: “எனக்கு 18 நாள் லீவு மீதி இருக்கு. டிசம்பர்ல 5 நாள் எடுத்தா அடுத்த வருஷத்துக்கு எத்தனை நாள் போகும்?”

ரூட்டர் இதைக் கணக்குப் பாதையில தள்ளிடுச்சு. 18-ல 5 போனா 13, பாட்டும் அதையே சொல்லிடுச்சு. விதிப்புத்தகத்துலயோ அடுத்த வருஷத்துக்கு அதிகபட்சம் 10 நாள்தான் கொண்டு போக முடியும்னு இருக்கு. சரியான பதில் 10. மீதி 3 நாள் காலாவதி ஆகும், கேட்டவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது அதுதான்.

காரணம் தேடிப் பார்த்தா சிம்பிள். கணக்கு வகைக்குக் கொடுத்திருந்த மாதிரி வாக்கியங்கள் எல்லாத்துலயும் ரெண்டு எண்ணும் ஒரு “எத்தனை” அல்லது “எவ்வளவு”வும் இருந்துச்சு. இந்தக் கேள்வியிலயும் அதேதான். தப்பான பதில்தான், ஆனா கழித்தல் சுத்தமா இருக்கு. அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

பொன்னிற_பைத்தான்

இதுக்கு ரூட்டரே வேண்டாம்ங்க. எல்லாக் கேள்வியையும் வெக்டர் தேடலுக்கு அனுப்புங்க. மேல வர்ற துண்டோட கோசைன் மதிப்பெண் 0.75-க்குக் கீழ இருந்தா அரட்டைன்னு எடுத்துக்கலாம், மேல இருந்தா டாக்குமெண்டை வச்சுப் பதில். ஒரே ஒரு எண், வேலை முடிஞ்சது.

நூல்கண்டு

@பொன்னிற_பைத்தான், முதல் பாதி சரி. சந்தேகம் வந்தா தேடலுக்கே அனுப்புறது நல்ல வழக்கம்தான். தேவையில்லாம தேடினா கொஞ்சம் நேரமும் டோக்கனும்தான் போகும். தேட வேண்டியதைத் தேடாம விட்டா 13 மாதிரி ஒரு பதில் வெளிய போயிடும். ரெண்டு நஷ்டமும் ஒண்ணு இல்ல.

ரெண்டாவது பாதிதான் ஆபத்து. 0.75ங்கிற எண்ணுக்குத் தனியா ஒரு அர்த்தமும் கிடையாது. எம்பெடிங் மாடலை மாத்தினா மொத்த மதிப்பெண்களும் மேலயோ கீழயோ நகர்ந்துடும். அதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண் குறையறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, வந்தது வெறும் “நன்றி”. இன்னொண்ணு, வந்தது முறையான கேள்வி, ஆனா அதுக்கான டாக்குமெண்ட் நம்மகிட்ட இல்ல. ரெண்டாவதை அரட்டைப் பாதையில விட்டா மாடல் ஆதாரமே இல்லாம சுதந்திரமா எழுத ஆரம்பிச்சுடும். தேடின பிறகு மதிப்பெண் குறைஞ்சா அது “இதுபற்றி ஆவணத்தில் இல்லை”ங்கிற பதிலுக்குத்தான் போகணும். அரட்டையா இல்லையாங்கிறது தேடலுக்கு முன்னாடியே முடிவாகிடணும்.

@வழிப்பலகை, உங்க கேஸுக்கு என் கருத்து: மூணு லேபிள்ல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு கேட்கிறதுதான் கோளாறு. அந்தக் கேள்வி தேடலும்தான், கணக்கும்தான். ஒரு லேபிளுக்குப் பதிலா தனித்தனியா ரெண்டு ஆம்/இல்லைக் கொடி வையுங்க. வெளித் தகவல் வேணுமா? கணக்குப் போடணுமா? ரெண்டுமே இல்லைன்னா அரட்டை. முதல்ல ஆம், ரெண்டாவது இல்லைன்னா சாதாரணத் தேடல். முதல்ல இல்லை, ரெண்டாவது ஆம்னா நேரா கால்குலேட்டர். ரெண்டும் ஆம்னா தேடிட்டு அப்புறம் கணக்கு. கேள்வியில எண் இருக்கிறது ரெண்டாவது விடையை மட்டும் தொடட்டும், முதல் விடையைத் தொடக் கூடாது.

அரைக்கால்புள்ளி

ரெண்டு கொடி ஐடியா நல்லா இருக்கு. ஆனா அதுக்குப் பதிலா மாடல்கிட்டயே “இந்தக் கணக்குக்கு என்னென்ன மாறிகள் வேணும், எது கேள்வியில இல்ல”ன்னு பட்டியல் கேட்டா என்ன? ஏதாவது விடுபட்டிருந்தா தேடல், இல்லைன்னா கணக்கு.

நூல்கண்டு

வட்டி விகிதம் சொல்லாம வட்டி கேட்டா அது வேலை செய்யும். ஓட்டை இருக்கிறது வெளியவே தெரியுதே. லீவு கேஸ்ல தெரியாது. உச்சவரம்புன்னு ஒண்ணு இருக்குங்கிறதே விதிப்புத்தகத்தைப் படிச்சாத்தான் தெரியும். படிக்கிறதுக்கு முன்னாடி மாடலைக் கேட்டா “மீதி 18, எடுப்பது 5, எல்லாம் இருக்கு”ன்னுதான் சொல்லும்.

அதனால முதல் கொடிக்கு நான் வைக்கிற சோதனை வேற: இதே கேள்வியை இன்னொரு நிறுவனத்துல கேட்டா பதில் மாறக்கூடுமா? மாறும்னா தேடல் கட்டாயம். “5000-ல 18 சதவீதம் எவ்வளவு” எங்க கேட்டாலும் 900. லீவு, ரீஃபண்ட், அபராதம், தவணை இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ரூட்டர் பிராம்ப்டுல இந்தச் சோதனையை அப்படியே ஒரு வரியா எழுதி, ரெண்டு பக்கத்துக்கும் உதாரணம் கொடுங்க. எண்கள் நிறைஞ்ச, ஆனா தேடல் தேவைப்படற உதாரணங்கள் அதுல கண்டிப்பா இருக்கணும்.

சூத்திரத்தையும் முன்கூட்டியே எழுத விடாதீங்க. தேடி எடுத்த பத்தியிலிருந்து வரம்பை எடுத்த பிறகு, கூட்டல் கழித்தலை மாடல் மனக்கணக்கா போடாம பைத்தான் கோடு போடட்டும்:

```python
carry = min(balance - taken, carry_limit)   # min(18 - 5, 10) -> 10
lapse = (balance - taken) - carry           # 3
```

கோப்பறை

எல்லாரும் அந்த 18-ஐ நம்பிட்டீங்க. அது கேட்டவர் சொன்ன எண். விண்ணப்பிச்சு இன்னும் ஒப்புதல் ஆகாத லீவு அதுல கழிஞ்சிருக்கா இல்லையான்னு அவருக்கே தெரியாம இருக்கலாம். மீதி எவ்வளவுங்கிறது விடுப்புப் பதிவேட்டு டேபிள்ல இருக்கு. ஊழியர் எண்ணை வச்சு ஒரு எஸ்கியூஎல் போட்டா வந்துடும். ஆக “வெளித் தகவல்”னு சொன்னதும் வெக்டர் தேடல்னு ஓடக் கூடாது. விதி டாக்குமெண்ட்ல இருக்கும், இருப்பு டேபிள்ல இருக்கும். இந்தக் கேள்விக்கு ரெண்டும் வேணும். டேபிள்ல 16-னும் கேள்வியில 18-னும் இருந்தா, கணக்குப் போடறதுக்கு முன்னாடி அதைக் கேட்டவர்கிட்ட சொல்லணும்.

சிலர் டேபிளையே வரிவரியா எம்பெடிங் பண்ணி இண்டெக்ஸ்ல போட்டுடறாங்க. ஊழியர் எண் 1042-க்கான வரியும் 1043-க்கான வரியும் எம்பெடிங்ல கிட்டத்தட்ட ஒரே இடத்துல உட்காரும், அப்புறம் பக்கத்து சீட்டுக்காரர் லீவு வந்து நிக்கும். எண்ணை வச்சுத் தேடறதுக்கு வெக்டர் வேண்டாம்.

திறந்த_டிக்கெட்

சரியான நேரத்துல வந்திருக்கேன். எங்க பாட் “இந்த மாசம் எத்தனை புகார் வந்துச்சு”ன்னு கேட்டா எப்பவும் 5-ங்குது. டாப்-கே 5-லிருந்து 20 ஆக்கினா இப்ப 20-ங்குது. நல்ல எம்பெடிங் மாடல் எது?

கோப்பறை

மாடல் மேல தப்பு இல்லைங்க. தேடல் எத்தனை துண்டு கொண்டு வருதோ அத்தனையைத்தான் அது எண்ணும். எண்ணிக்கை, சராசரி, அதிகபட்சம் எல்லாம் மொத்தத் தொகுப்பையும் பார்க்க வேண்டிய கேள்விகள், டாப்-கேவால ஒருநாளும் முடியாது. புகார்கள் தேதியோட டேபிள்ல இருந்தா `COUNT(*)`. இல்லைன்னா முதல்ல டேபிள் ஆக்குங்க.

மெய்யெழுத்து

அரட்டைப் பாதையில தமிழ், இந்தி மாதிரி மொழிகளுக்கு உரிய ஒரு பொறி இருக்கு, அதைச் சொல்லிடறேன். ரூட்டருக்கும் முன்னாடி நன்றி, வணக்கம், சரி மாதிரிச் சொற்களை ரெகெக்ஸ்ல பிடிக்கிறது வழக்கம். பைத்தானோட `re`-ல இதை ஓட்டிப் பாருங்க:

```python
re.search(r"\bசரி\b", "சரி")             # None
re.search(r"\bசரி\b", "சரிபார்க்கணும்")  # பொருந்தும்
re.findall(r"\w+", "நன்றி")              # ['நன', 'ற']
```

பிடிக்க வேண்டியதை விட்டுட்டு விட வேண்டியதைப் பிடிக்குது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் `\w` எழுத்தா எடுத்துக்கறதில்ல. “சரி”யோட கடைசிக் குறிக்குப் பிறகு ஒண்ணும் இல்லாததால அங்க சொல் எல்லை அமையாது. “சரிபார்க்கணும்”ல அந்தக் குறிக்கு அடுத்து ப வருது, அதனால நடுச்சொல்லுல எல்லை உருவாகிடுது. “என் விண்ணப்பத்தைச் சரிபார்க்கணும்”னு ஒருத்தர் எழுதினா “மகிழ்ச்சி!”ன்னு பதில் போகும்.

`\b`-யை விட்டுட்டு முழுச் செய்தியையும் ஒப்பிடுங்க:

```python
t = unicodedata.normalize("NFC", msg).strip(" .!,\n")
is_chat = t in CHAT_WORDS and not pending_confirm
```

என்எஃப்சி எதுக்குன்னா, “ொ” ஒரே குறியாவும் வரும், ரெண்டு குறியா உடைஞ்சும் வரும். முழுச் செய்தியையும் ஒப்பிடறதால “நன்றி, ரீஃபண்ட் எப்ப வரும்?” அரட்டையில மாட்டாம ரூட்டருக்குப் போயிடும். கடைசியில இருக்கிற `pending_confirm`-ஐ விட்டுடாதீங்க. “இந்த விடுப்பைப் பதிவு செய்யட்டுமா?”ன்னு பாட் கேட்ட பிறகு வர்ற “சரி” அரட்டை இல்ல, உத்தரவு.

அரைக்கால்புள்ளி

மாறிப் பட்டியல் ஐடியாவை வாபஸ் வாங்கிக்கறேன். ரூட்டர் சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறீங்க?

நூல்கண்டு

தேடாத ரெண்டு பாதையையும்தான் குடையணும், அதாவது அரட்டையையும் வெறும் கணக்கையும். அங்க போன கேள்விகள்ல ஒரு பகுதியை எடுத்து, பின்னணியில தேடலோடயும் ஒருதரம் ஓட்டி, ரெண்டு பதிலையும் பக்கத்துல வையுங்க. பதில் மாறினா அந்தக் கேள்வி தப்பான பாதையில போயிருக்கலாம், ஆள் பார்த்து முடிவு பண்ணணும். அந்தக் கேள்விகளே அடுத்த பயிற்சித் தொகுப்பு. 2024-ல வந்த அடாப்டிவ் ராக் ஆய்வும் லேபிளுக்கு இதே மாதிரிதான் வழி பண்ணுச்சு: தேடாமலே சரியான பதில் வந்தா “தேடல் வேண்டாம்”, ஒருமுறை தேடினா வந்தா “ஒருமுறை”, பலமுறை தேடினாத்தான் வந்தா “பலமுறை”. எது எளிமையோ அதுக்கு முன்னுரிமை.

வழிப்பலகை

ரெண்டு கொடியும் நிறுவனச் சோதனையும் அந்தக் கேள்வியைச் சரியா திருப்பிடுச்சு. இப்ப மாட்டறது அடுத்த செய்தி. 10-னு பதில் போனதும் அதே ஆள் “9 எடுத்தா?”ன்னு மட்டும் எழுதறார். ரூட்டருக்கு அதுல நிறுவனமும் தெரியல, லீவும் தெரியல.

நூல்கண்டு

முந்தைய உரையாடலைச் சேர்த்து முழுக் கேள்வியா திருப்பி எழுதின பிறகுதான் ரூட்டருக்கே கொடுக்கணும். “18 நாள் மீதியில் 9 நாள் எடுத்தால் எத்தனை நாள் கொண்டு போகலாம்” ஆனதும் பதில் 9, வரம்புக்கு உள்ள.

மெய்யெழுத்து

அப்படிப் பண்ணா ஒவ்வொரு செய்திக்கும் கூடுதலா ஒரு மாடல் அழைப்பு. போன செய்தியோட கொடிகளை அப்படியே தொடர விட்டா போதாதா? சின்னச் செய்தியா இருந்தா மட்டும் தொடரலாம்.

நூல்கண்டு

தமிழ்ல நீளத்தை நம்ப முடியாது. “ரீஃபண்ட் வருமா?” ரெண்டே சொல், ஆனா புதுக் கேள்வி. “அப்ப நான் முன்னாடி சொன்ன மாதிரி அதை ரெண்டு தவணையா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்”ங்கிறது நீளம், ஆனா பழசோட தொடர்ச்சி.

மெய்யெழுத்து

ஒத்துக்கறேன். ஆனாலும் பயனர் முதல்ல அனுப்பற செய்திக்குத் திருப்பி எழுதற வேலையே இல்லையே, அதையாவது விட்டுடலாம். ரெண்டாவது செய்தியிலிருந்து எது மலிவுன்னு லாக்கை வச்சுத்தான் பார்க்கணும்.