ஜிம்மை விட்ட பிறகும் என் கைரேகை அங்கேயே இருந்தது

ஈஸ்ட்ஹாம்காரி

லண்டனில் மூன்று ஆண்டுகள் போய்வந்த ஜிம்மைச் சென்ற பிப்ரவரியில் விட்டுவிட்டேன். காரணம் முழங்கால், அந்தக் கதை இங்கே வேண்டாம். அந்த ஜிம்மின் வாசலில் விரலை வைத்தால்தான் கதவு திறக்கும். உறுப்பினராக இல்லாத என் கைரேகை இனி அவர்களுக்கு எதற்கு என்று தோன்றவே, மார்ச் 3 அன்று, "என்னைப் பற்றிய எல்லாத் தகவலையும் அழித்துவிடுங்கள்" என்று எழுதினேன்.

மார்ச் 31 அன்று இரண்டே வரியில் பதில் வந்தது. சட்டக் கடமைக்காக உறுப்பினர் தகவல்களை 6 ஆண்டுகள் வைத்திருக்கிறார்களாம், ஆகவே கோரிக்கையை ஏற்க முடியாதாம்.

கைரேகையை 6 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் எது? கோபம் அடங்கியதும் மறுபடி எழுதினேன். இம்முறை அழிக்கச் சொல்லவில்லை. என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றையும் எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரத்தில் ஒரு கோப்பு வந்தது. கைரேகையிலிருந்து எடுத்த எண் வடிவம், புகைப்படம், மாதக் கட்டண விவரம், ஒப்பந்தம், சேரும்போது நிரப்பிய உடல்நலப் படிவம். கடைசியாக, நான் உள்ளே போன ஒவ்வொரு முறையின் பதிவும் இருந்தது. செவ்வாய் 6.42, வியாழன் 6.39, மறுபடி செவ்வாய் 6.44. மூன்று ஆண்டுகளாக நான் வீட்டில் இல்லாத நேரத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைத்தது போல இருந்தது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டதில் கைரேகை, புகைப்படம், வருகைப் பதிவு மூன்றையும் அழித்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். கட்டணமும் ஒப்பந்தமும் 6 ஆண்டுகள் இருக்குமாம். உடல்நலப் படிவம் 3 ஆண்டுகளாம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ரெட்டிங்_ராஜா

நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். 30 நாளில் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும், ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது அதுதான். இல்லையென்றால் அபராதம். நான் ஒரு உணவு விநியோக நிறுவனத்திடம் இப்படித்தான் கேட்டேன், ஒரே வாரத்தில் கணக்கையே காணோம்.

கோப்புக்காரர்

ராஜா தம்பி சொல்வதில் பாதிதான் சரி. ஒரு மாதம் என்பது பதில் சொல்வதற்கான கெடு. கோரிக்கை சிக்கலாக இருந்தால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதை முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். 'மறுக்கிறோம், காரணம் இது' என்பதும் பதில்தான். உங்கள் கணக்கைக் காணோம் என்பதால் உங்கள் பில்களும் போய்விட்டன என்று நினைக்காதீர்கள்.

நான் ஒரு நகராட்சியில் இப்படிப்பட்ட தகவல் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதும் வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்தவன். நிறுவனங்கள் 6 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. நிறுவனங்கள் வரிக் கணக்கை அந்த நிதியாண்டு முடிந்து 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அடுத்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தத் தகராறுக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்கலாம். ஆகவே, நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதை அவர்கள் வைத்திருப்பதில் தவறில்லை. ஜிடிபிஆரின் 17ஆம் பிரிவே இந்த இரண்டு விலக்குகளையும் தருகிறது. தவறு எங்கே வருகிறது என்றால், கட்டணச் சீட்டுக்குப் பொருந்தும் காரணத்தைக் கைரேகைக்கும் போர்த்திவிடும் இடத்தில்தான். கதவைத் திறக்க வாங்கிய ரேகையால் எந்த வரிக் கணக்கையும் நிரூபிக்க முடியாது. அக்கா முதலில் பட்டியலைக் கேட்டது மிக நல்ல வேலை. அழித்த பிறகு என்ன இருந்தது என்று பார்க்க வழியில்லை.

உடல்நலப் படிவம்தான் கடினமான கேள்வி. உடற்காயத்துக்கு நஷ்டஈடு கேட்க 3 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அந்த எண் அங்கிருந்து வந்தது. நாளை நீங்கள் முழங்காலுக்காக அவர்கள் மீது வழக்குப் போட்டால், 'சேரும்போது வலி இல்லை என்று எழுதியிருக்கிறார்' என்று காட்ட அந்தப் படிவம் வேண்டும். ஆனால் அடிபட்டதாகப் பதிவே இல்லாத எல்லா உறுப்பினர்களின் படிவத்தையும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடுக்கிவைப்பது சரியா? என்னுடன் வேலை பார்த்தவர்களே இதில் இரண்டு பட்சமாக இருந்தார்கள்.

புதுப்பெண்

எனக்கும் ஜிம்தான். டைரக்ட் டெபிட்டை வங்கியிலேயே நிறுத்திவிட்டேன். அப்படியானால் தகவலும் தானாக அழிந்துவிடுமா?

கோப்புக்காரர்

அம்மா, அவசரமாக ஒன்று பாருங்கள். வங்கியில் நிறுத்தினால் பணம் எடுப்பது மட்டும்தான் நிற்கும், ஒப்பந்தம் அப்படியே ஓடும். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் பாக்கி ஏறிக்கொண்டிருக்கும். பாக்கி நிற்கும்வரை உங்கள் பெயரையும் முகவரியையும் அவர்கள் அழிக்கத் தேவையில்லை. அது கடன் தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவானால் அங்கே 6 ஆண்டுகள் நிற்கும். அழிப்புக் கோரிக்கை அதை அசைக்காது.

மாம்பலத்தான்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். வங்கிக் கணக்கை மூடியபோது ஆதார் நகலையும் கையெழுத்து அட்டையையும் திருப்பிக் கேட்டேன். கிளை மேலாளர் சிரிக்காமல் சொன்னார்: கணக்கு மூடிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், பணமோசடித் தடுப்பு விதி. விசாரித்ததில் உண்மைதான். 2023இல் வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அதுதான் நிற்கும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை மேலாளர் சிரிக்காமலே பேசட்டும்.

க்ராய்டன்_தாத்தா

நான் ஒரு கண்ணாடிக் கடையோடு மல்லுக்கட்டினேன். சலுகை மின்னஞ்சல் ஓயவே இல்லை. 'எல்லாவற்றையும் அழி' என்றேன். 'அழிக்கிறோம், ஆனால் உங்கள் மின்னஞ்சல் முகவரியை மட்டும் அனுப்பக்கூடாதோர் பட்டியலில் வைப்போம்' என்றார்கள். அது வேறு எதற்கு, அதையும் அழி என்று பிடிவாதம் பிடித்தேன். அழித்தார்கள். நான்கு மாதத்தில் எங்கிருந்தோ வாங்கிய பட்டியல் வழியாக மறுபடி அதே கடை, அதே சலுகை, 'அன்பான புதிய வாடிக்கையாளரே' என்று. என்னைத் தடுத்துவைத்திருந்த ஒரே வரியை நானே அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கோப்புக்காரர்

அந்த ஒரு வரியை வைத்திருப்பது நியாயமானதுதான், ஐயா. விளம்பரத்தை நிறுத்து என்று சொல்வது அழிப்பைவிட வலுவான உரிமை. அதற்கு விலக்கே கிடையாது, உடனே நிறுத்தியாக வேண்டும். விளம்பரம் மட்டும்தான் தொல்லை என்றால் அதை மட்டும் கேளுங்கள்.

ரெட்டிங்_ராஜா

சரி, பில் இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் அந்த உணவு விநியோக நிறுவனம் பாஸ்போர்ட் நகல் கேட்டது. தகவலை அழிக்க இன்னொரு தகவலைக் கொடுக்க வேண்டுமா?

கோப்புக்காரர்

நீங்கள்தானா என்று நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கேட்கலாம். பதிவுசெய்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதும்போது பாஸ்போர்ட் கேட்பது பெரும்பாலும் அதிகப்படி. உறுப்பினர் எண்ணோ கடைசியாகக் கட்டிய தொகையோ போதும் என்று எழுதிப் பாருங்கள். அக்கா, அந்த உடல்நலப் படிவத்துக்கு ஜிடிபிஆரின் 21ஆம் பிரிவின்படி ஆட்சேபம் எழுதுங்கள். பரிசீலித்து முடிக்கும்வரை அதை யாரும் பயன்படுத்தாதபடி பூட்டிவைக்கவும் கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தோடு தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம்.

ஈஸ்ட்ஹாம்காரி

நேற்றிரவே எழுதி அனுப்பினேன். படிவத்தின் நகலையும் திரும்பப் படித்தேன். 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் மருத்துவரிடம்கூட ஒரு முறைதான் சொன்ன விஷயத்தை எழுதியிருக்கிறேன். எழுதும்போது பக்கத்தில் வரவேற்பு மேசைப் பையன் பேனாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.