நாவலுக்கு எடிட்டர் தேடியபோது: விலை, மாதிரித் திருத்தம், வேலை எல்லை

வைகைக்கரை:
என் நாவல் 62,000 சொல். தேனிப் பக்கத்துக் கதை, உரையாடல் முழுக்க வட்டார வழக்கு. சொந்தமாகப் பதிப்பிப்பது என்று முடிவானதும் தனியாக வேலை பார்க்கும் மூன்று எடிட்டர்களிடம் விலை கேட்டேன். முதலாமவர் பக்கத்துக்கு 40 ரூபாய் என்றார், இரண்டாமவர் சொல்லுக்கு 50 பைசா, மூன்றாமவர் மொத்தமாக 35,000. இதை மட்டும் வைத்துக்கொண்டு யார் மலிவு என்று சொல்லவே முடியாது. பக்கம் என்றால் எந்தப் பக்கம்? கேட்டபோதுதான் முதலாமவர் சொன்னார், லேஅவுட் முடிந்த டெமி சைஸ் புத்தகப் பக்கம் என்று. அதில் சுமார் 200 சொல் அடங்கும் என்றால் 310 பக்கம், 12,400 ரூபாய். நான் அனுப்பிய ஏ4 கோப்பில் பக்கத்துக்கு 350 சொல் போல இருந்தது, அந்தக் கணக்கில் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம்தான். அதே நாற்பது ரூபாய்தான், ஆனால் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அதனால் எல்லாவற்றையும் மொத்தத் தொகையாக மாற்றி எழுதி வைத்துக்கொண்டேன்: 12,400, 31,000, 35,000.

ஆனால் தொகை தெரிந்த பிறகும் யார் என்ன வேலை செய்யப் போகிறார் என்பது தெரியவில்லை, மூவருமே 'எடிட்டிங்' என்றுதான் சொன்னார்கள். அதனால் ஒரே பகுதியை மூவருக்கும் அனுப்பி மாதிரித் திருத்தம் கேட்டேன். நாவலின் நடுவிலிருந்து 1,000 சொல், ராத்திரியில் வரப்புத் தகராறு நடக்கிற இடம். முதல் அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம் என்று எல்லாருக்குமே சொல்வேன், அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பத் திருத்தி வைத்திருப்போம், மற்ற அத்தியாயங்களின் நிலை அதில் தெரியாது.

முதலாமவர் ஒற்றுப்பிழை, ண-ன, ர-ற எல்லாம் சுத்தமாகப் பார்த்திருந்தார். கூடவே "வரப்புல நின்னுக்கிட்டு என்னத்தடா பேசுற" என்பதை "வரப்பில் நின்றுகொண்டு என்னடா பேசுகிறாய்" என்று மாற்றியிருந்தார். மூன்றாமவர் அழகாக எழுதக்கூடியவர், சந்தேகமே இல்லை, ஆனால் பாதி வாக்கியங்களை அவரே புதிதாக எழுதியிருந்தார், படித்தால் வேறு யாரோ எழுதிய கதை மாதிரி இருந்தது. இரண்டாமவர் உரையாடலைத் தொடவே இல்லை. விவரிப்பில் மட்டும் திருத்தம், ஓரத்தில் கேள்விகள். ஒரு கேள்வி: "பத்தித் தொடக்கத்தில் அமாவாசை என்கிறீர்கள், பதினைந்து வரி கழித்து நிலா வெளிச்சத்தில் மண்வெட்டி மின்னுகிறது. எதை வைத்துக்கொள்ளலாம்?" இன்னொன்று: "இங்கே சித்தி, அடுத்த பக்கத்தில் சின்னம்மா. இருவரும் ஒரே ஆளா?" அவரையே பிடித்துக்கொண்டேன். 31,000 அதிகமா குறைவா என்ற கேள்விக்கும் அந்த மாதிரியிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

ஆய்வுமாணவி:
இதில் எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில் பக்கத்துக்கு 25 ரூபாய்க்கு டைப் செய்து பிழையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். நீங்களே டைப் செய்த கோப்புக்கு எதற்கு 31,000? என் ஆய்வேடும் தயாராகிறது, மேற்கோள் நூல் பட்டியலே 18 பக்கம், அதையும் சேர்த்து யாராவது செய்வார்களா?

கொங்குநாட்டான்:
சொல் கணக்கில் காசு கொடுக்கவே கூடாது சார். தமிழில் அது எடிட்டர் கையில் இருக்கிற கணக்கு. 'செய்துகொண்டிருந்தான்' என்றால் ஒரு சொல், அவரே பிரித்து 'செய்து கொண்டு இருந்தான்' ஆக்கினால் மூன்று. 62,000 எழுபதாயிரம் ஆகிவிடும். எத்தனை பக்கம் என்று கண்ணால் பார்த்து எண்ணிக் கொடுப்பதுதான் நியாயம். என் கட்டுரைத் தொகுப்புக்கு அப்படித்தான் கொடுத்தேன்.

சிவப்புமை:
நான் எடிட்டராகத்தான் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கொங்குநாட்டான் அண்ணா சொன்னதில் முதல் பாதி சரி. வேர்ட் கோப்பு இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணும், சேர்த்து எழுதுகிறவருக்கும் பிரித்து எழுதுகிறவருக்கும் எண்ணிக்கை மாறும். ஆனால் அதற்குத் தீர்வு பக்கக் கணக்கு இல்லை. எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் மாற்றினால் பக்கம் சொல்லைவிட வேகமாக மாறும். விலை பேசும் அன்று ஆசிரியர் அனுப்பிய கோப்பில் என்ன எண்ணிக்கை காட்டுகிறதோ அதை மின்னஞ்சலில் எழுதி முடித்துக்கொள்ள வேண்டும், திருத்திய பிறகு எண்ணக் கூடாது. அமெரிக்காவில் எடிட்டோரியல் ஃப்ரீலான்சர்ஸ் அசோசியேஷன் 250 சொல்லை ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்கிறது, அங்கே பக்கம் என்றால் குழப்பம் குறைவு. தமிழில் அப்படி எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு கிடையாது.

வைகைக்கரையின் 31,000 பற்றி. 1,000 சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அந்த எடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மாதிரி வேலைக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 62,000 சொல்லுக்கு எழுபத்தெட்டு மணி நேரம் போல, அதாவது மணிக்கு 400 ரூபாய். அந்த நேரத்துக்குள் ஒரே வாசிப்புத்தான் அடங்கும். அதே தொகையில் இரண்டாம் வாசிப்பும் இருந்தால் அவருக்கு மணிக்கு 400 கூட நிற்காது. எடிட்டர் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். அதேபோல 12,400-க்கு ஒருவர் கேள்வியும் எழுப்பி, முரணும் பார்த்து, இரண்டு முறை வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன், அவர் சொன்னது பிழை திருத்தத்தின் விலை, அவ்வளவுதான்.

ஆய்வுமாணவி, கடையில் செய்வது தட்டச்சு, அதில் தென்படுகிற பிழையைத் திருத்துவார்கள், அது வேறு வேலை. ஆய்வேடு என்றால் முதலில் உங்கள் நெறியாளரிடம் கேட்டு, வெளியாள் மொழியை மட்டும் பார்க்கலாம் என்ற சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாதத்தை எடிட்டர் தொட்டால் பிரச்சினை. நூற்பட்டியலைத் தனியாக விலை கேளுங்கள். ஆண்டு, பதிப்பகம் விடுபட்டிருந்தால் தேடி நிரப்புவதா, குறித்து மட்டும் காட்டுவதா என்று சொல்லிவிடுங்கள், தேடுவதற்குத்தான் நேரம் போகும்.

பனங்காடு:
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவின் நினைவுக்குறிப்புகளைப் புத்தகம் ஆக்கினோம், எடிட்டர் சென்னையில். எங்களுக்கு மாதிரித் திருத்தம்தான் காப்பாற்றியது. 'கதைத்தார்' எல்லாம் 'பேசினார்' ஆகியிருந்தது, 'அவையள்' 'அவர்கள்' ஆகியிருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பிழை என்று நினைத்துத்தான் திருத்தியிருக்கிறார். கதைத்துப் பார்த்தோம், உடனே விளங்கிக்கொண்டார். பிறகு மாற்றக்கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றை நாங்களே எழுதிக் கொடுத்தோம், அதையும் ஒப்பந்தத்தோடு சேர்த்தோம்.

எங்களுக்குப் பணத்தில் சிக்கல் வந்தது வேறிடத்தில். அப்பாவின் கோப்பு பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றியபோது மேற்கோள் குறிகளும் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் குழம்பிப் போயின. அதைச் சரிசெய்வது எடிட்டர் வேலையா எங்கள் வேலையா என்று முதலில் பேசவில்லை. கடைசியில் அதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்டார், கொடுத்தோம்.

வைகைக்கரை:
எழுத்துரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை என் கோப்பு யூனிகோடுதான். நான் எழுதி வாங்கியது இதுதான், வக்கீல் பத்திரம் எல்லாம் இல்லை, ஒரு மின்னஞ்சல், அவர் "சரி" என்று பதில் போட்டார். எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறி, வாக்கியத் தெளிவு, பெயர்-உறவு-காலம் முரண் ஆகியவை உண்டு. உரையாடலில் தட்டச்சுப் பிழை தவிர எதையும் மாற்றுவதில்லை. அத்தியாயத்தை இடம் மாற்றுவது, காட்சியை வெட்டுவது போன்றவற்றை ஓரக்குறிப்பில் யோசனையாகச் சொல்லலாம், கோப்பில் செய்யக் கூடாது. எல்லாத் திருத்தமும் டிராக் சேஞ்சஸில் தெரிய வேண்டும். ஒரு முழு வாசிப்பு, நான் பதில் சொல்லி அனுப்பிய பிறகு இன்னொரு வாசிப்பு, அதில் மாறிய இடங்கள் மட்டும்.

இந்தக் கடைசி வரியை அவர்தான் சேர்க்கச் சொன்னார், அது நியாயமும்கூட. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் நான் ஓர் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன், 2,400 சொல். அது பழைய விலைக்குள் வராது என்பது எழுத்தில் இருந்ததால் பேச்சே வளரவில்லை, அதே 50 பைசாவுக்கு 1,200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

சிவப்புமை:
லேஅவுட் முடிந்த பிடிஎஃப் பார்ப்பது அதில் இல்லையே? அதையும் கேட்டிருக்க வேண்டும். தமிழில் வரி உடையும்போது மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய் நிற்கும், பத்தி விட்டுப்போகும், சாய்வெழுத்து காணாமல் போகும். வேர்ட் கோப்பில் இதெல்லாம் தெரியாது. பெரும்பாலான எடிட்டர்கள் இந்த மெய்ப்பு வேலைக்குத் தனிக் கட்டணம் சொல்வோம்.

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மூன்று பேரிடமும் இலவச மாதிரி வாங்குவது. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் ஒரே பகுதியைக் கொடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு சிறுகதை என்று வேறு வேறாக அனுப்பித் தொகுப்பையே திருத்திக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் மாதிரிக்கு 500 ரூபாய் வாங்குகிறேன், வேலை எனக்கு வந்தால் கழித்துவிடுவேன்.

கொங்குநாட்டான்:
கடைக்காரர் துணியைக் காட்டக் காசு கேட்பாரா? மாதிரி இலவசமாகத்தான் இருக்க வேண்டும். கோப்பு எண்ணிக்கையை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்ல யோசனை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
நான் பார்த்த வரை 500 சொல்லுக்குள் என்றால் இலவசமாகக் கேட்கலாம், 1,000 என்றால் அது முழுசாக ஒரு மணி நேர வேலை, காசு கேட்டால் கொடுத்துவிடுவேன். மூன்று பேருக்கும் 500 ரூபாய் கொடுத்தாலும் 1,500-தான், தவறான ஆளிடம் முழு நாவலையும் கொடுப்பதைவிட அது பரவாயில்லை. பணத்தை மூன்றாகப் பிரித்தோம்: தொடங்கும்போது 10,000, முதல் வாசிப்பு முடிந்து கோப்பு வந்ததும் 15,000, மீதி இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு. முழுத் தொகையும் முன்பணம் கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பனங்காடு:
நாங்கள் பாதி முன்பணம் கொடுத்தோம். வேறு நாடு என்பதால் ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் வங்கிக் கட்டணம் போகிறது, மூன்றாகப் பிரித்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சிவப்புமை அக்கா, கவிதைத் தொகுப்புக்கு எப்படி விலை சொல்வீர்கள்? தங்கையின் தொகுப்பு இருக்கிறது, சொல் கணக்கில் பார்த்தால் ஆறாயிரம்கூட வராது.

சிவப்புமை:
கவிதைக்குச் சொல் கணக்கு ஒத்துவராது, ஒரு வரியில் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நான் மணிக் கணக்கில் சொல்வேன், இத்தனை மணிக்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்போடு. வேறு எடிட்டர்கள் கவிதைக்கு இவ்வளவு என்கிறார்கள், அதுவும் தவறில்லை. நாலு கவிதை அனுப்பச் சொல்லுங்கள் தங்கையை, அவருக்கே திருப்தி இல்லாத இரண்டு கவிதையாவது அதில் இருக்கட்டும்.