ரகசிய இலக்கோடு ஒரு மாலை: லார்ப் நடத்தியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

முல்லைக்காடு
லார்ப் என்றால் ஆளுக்கொரு வேடமேற்று, எழுதிய வசனம் இல்லாமல் நடித்தே விளையாடும் ஆட்டம். கல்லூரி நாடக மன்றத்துக்காக நான் நடத்தியது ஜமீன் உயில் ஆட்டம். 14 பேர், ஆளுக்கு ஒரு பக்கத் தாள், அதில் மூன்று ரகசிய இலக்குகள். யாரையும் தொடக்கூடாது, பொருள் என்றால் அட்டைதான், தகராறு முற்றினால் கல்-காகிதம்-கத்தரி. விதிகள் அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளையாக வந்த முதலாண்டு மாணவியின் முதல் இலக்கு: "உண்மையான உயில் உங்களிடம் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது." மற்ற இரண்டும் அதே போல ஒளித்துவைக்கும் இலக்குகள்தாம். கூடமே கூச்சலாக இருந்தபோது அவள் அந்த அட்டையைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு ஜன்னலோரம் நின்றாள். இறுதியில் மூன்று இலக்குகளையும் நிறைவேற்றியவர்களைக் கை தூக்கச் சொன்னேன். அவள் மட்டும் தூக்கினாள். எல்லோரும் கைதட்டினோம். "அக்கா, என்னிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய மாணவன்
"மறைத்து வை" என்று மட்டும் எழுதினால், அதை நிறைவேற்றச் சிறந்த வழி பேசாமல் நிற்பது. அவள் தாளில் இருந்ததை ஒழுங்காகச் செய்தாள். அதே உயிலை வைத்தே வேறு மாதிரி எழுதலாம்: "விடிவதற்குள் உரிய வாரிசிடம் ஒப்படைக்க வேண்டும், யார் வாரிசு என்று உங்களுக்குத் தெரியாது." வாரிசின் அடையாளத்தைச் சமையற்காரர் தாளில் வையுங்கள். நள்ளிரவில் பெட்டியறையில் கணக்குப்பிள்ளையைப் பார்த்ததாக டிரைவர் தாளில் ஒரு வரி எழுதுங்கள். இப்போது அவள் ஒருவரைத் தேடிப் போக வேண்டும், இன்னொருவர் அவளைத் தேடி வருவார்.

தாள்களை அச்சடிப்பதற்கு முன் ஒரு பெரிய காகிதத்தில் பெயர்களை வட்டமாக எழுதி, ஒவ்வோர் இலக்குக்கும் யாருடைய உதவி தேவையோ அவர்வரை கோடு போடுங்கள். எந்தப் பெயரில் மூன்று கோடுகளுக்குக் குறைவாக இருக்கிறதோ, அவர்தான் ஜன்னலோரம் நிற்கப்போகிறவர். முக்கியமான துப்பு எதையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள். ஒருமுறை எங்கள் ஆட்டத்தில் வைத்தியராக நடிக்க வேண்டியவர் ஆய்வகத் தேர்வு என்று வரவில்லை. விஷம் வைத்த கதையே அவரோடு போய்விட்டது. எது விஷம் என்று சொல்ல ஆளில்லாமல் ஜமீன்தாரிணி கடைசிவரை காலிக் குவளையை ஏந்திக்கொண்டு திரிந்தார்.

நெய்தல்
கோடு போடுவதெல்லாம் எதற்கு? ரகசியம்தான் நோய். ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளில் எல்லாருடைய தாளையும் எல்லோரும் முன்பே படித்துவிடுவார்கள். நாங்களும் அப்படிச் செய்தோம். தம்பி வேடத்தில் இருந்தவனுக்கு அண்ணிதான் திருடி என்று தெரியும். தெரிந்தே பெட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்து, "பத்திரமாக வைத்திருங்கள் அண்ணி" என்றான். கூடமே மூச்சை நிறுத்தியது. ஒளித்துவைத்திருந்தால் அந்தக் கணம் கிடைத்திருக்குமா?

பழைய மாணவன்
அந்தக் காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் அப்படி ஆடுவதில்லை. ரகசியத்தோடு எழுதப்பட்ட ஆட்டங்களும் உண்டு. வெல்ல நினைக்காமல் கதைக்காகத் தோற்கத் தயாரானவர்கள் கூடினால் உங்கள் முறை நன்றாக நடக்கும். முல்லைக்காட்டின் தாளிலோ இலக்கு இருக்கிறது, இறுதியில் கை தூக்கச் சொல்கிறார்கள். உயில் யாரிடம் என்று படித்தவர்கள் முதல் பத்து நிமிடத்தில் அவளைச் சுற்றி வளைப்பார்கள்.

கரும்பலகை
எங்கள் விடுதியில் இதே போல ரகசிய வேடங்களோடு மாஃபியா விளையாடுவோம். இரவில் மறைந்திருக்கும் கொலையாளிகள் ஒருவரைக் கொல்வார்கள், பகலில் மற்றவர்கள் பேசி அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 1980களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவீதோவ் உருவாக்கிய விளையாட்டு. முதல் இரவிலேயே கொல்லப்பட்ட நண்பன் மீதி நேரம் முழுக்க எங்களுக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். இப்போதும் அதைச் சொல்லிக்காட்டுவான். ஆகவே கடைசி இருபது நிமிடங்களுக்கு முன் யாரும் சாகக்கூடாது என்று விதி வையுங்கள். அதுவரை கல்-காகிதம்-கத்தரியில் தோற்றவர் ஓர் அட்டையை மட்டும் இழக்கட்டும். அட்டையை இழந்தவர் அதை மீட்கப் பேசியாக வேண்டும். தொடங்கும் முன் அரை மணி நேரம் விதிகளை நடித்துக் காட்டுங்கள், வாசித்தால் மறந்துவிடுவார்கள். "நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேள்வி கேட்காமல் ஆட்டம் நிற்க வேண்டும், அதையும் பழக்குங்கள். முடிந்ததும் உடனே கலையவிடாமல் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவையுங்கள்.

முல்லைக்காடு
எங்கள் ஆட்டத்தில் கொலையே இல்லை, ஆனால் அட்டையை இழக்கும் விதியை எடுத்துக்கொள்கிறேன். இன்று கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். வக்கீலுக்கு ஏழு, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று. டிரைவர் தாளில் அந்த வரியைச் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. முதன்முறை வருகிற, கூச்ச சுபாவமுள்ள பெண்ணை ஒருவர் வந்து "அந்த நேரத்தில் பெட்டியறையில் உனக்கு என்ன வேலை" என்று மடக்கினால் தாங்குவாளா?

நெய்தல்
டிரைவர் மடக்க வேண்டாம். அவருக்கும் அந்த நேரத்தில் அங்கே இருக்கக் கூடாத காரணம் ஒன்று இருக்கட்டும். அப்போது இருவரும் தணிந்த குரலில்தான் பேசுவார்கள்.

பழைய மாணவன்
இதை ஒப்புக்கொள்கிறேன். முன்பே எல்லோரும் படிப்பதை இன்னும் ஒப்பவில்லை.