வாசலில் நின்று ‘அண்ணா’ என்றபோது: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கதவுதட்டி:
வீடு வீடாகச் சென்று கேள்விப் படிவம் நிரப்புவது என் வேலை. ஒரு நாளைக்கு 15 கதவுகளையாவது தட்ட வேண்டும். கதவைத் திறப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது; ‘சார்’ என்றால் ஏதோ விற்க வந்தவள் என்று எண்ணிச் சாத்திவிடுகிறார்கள். ஆகவே முகத்தைப் பார்த்த நொடியில் அண்ணா, அக்கா, அம்மா, ஐயா என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்வேன்.

சென்ற மாதம் மதுரையில் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வீட்டில் 50 வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். “அண்ணா, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?” என்றேன். “என்னம்மா வெயில்ல நிக்கிற, உள்ள வந்து உக்காரு” என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி மனைவியையும் அழைத்தார். நான்கு வீடு தள்ளி, என் வயதே இருக்கும் இன்னொருவர். அவரிடமும் அதே சொற்களைத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “எதுக்கு அண்ணாங்கிறீங்க, பேரைச் சொல்லியே கூப்பிடுங்க” என்றார். கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் படியை விட்டு நான் ஏறவில்லை. பாதிக் கேள்விகளோடு படிவத்தை மூடிவிட்டேன். ஒருமையில் பேசியவரிடம் அச்சம் தோன்றவில்லை, ‘ங்க’ போட்டுப் பேசியவரிடம் தோன்றியது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

பழைய நடத்துநர்:
பேருந்தில் 28 ஆண்டுகள் பயணச்சீட்டுக் கிழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: உறவுச்சொல்லைத் தனியாக எடைபோடக் கூடாது, அதன்பின் வரும் வினையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். “தம்பி, உள்ள போங்க” என்றால் பையன் நகர்ந்துவிடுவான். “தம்பி, உள்ள போ” என்று அதையே சொன்னால் முறைப்பான். ஒருமுறை சில்லறைத் தகராறில், என்னைவிட மூத்தவர் என்று தெரிந்தே ஒருவரைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டேன். “யாருக்கு யாருய்யா தம்பி?” என்று அவர் எழுந்து நின்றதும் முழு வண்டியும் அவர் பக்கம் சாய்ந்தது. வயதில் மூத்தவரை இளைய உறவில் அழைப்பது, சட்டையைப் பிடிப்பதற்கு முந்தைய படி. பெண்களைப் பொறுத்தவரை அக்காவா அம்மாவா என்ற ஐயம் வந்தால் நான் அக்கா பக்கமே நின்றேன். அதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

முறை பார்ப்பவள்:
கதவுதட்டி கேட்டது மரியாதையைப் பற்றியதன்று என்று நினைக்கிறேன். நம் உறவுமுறையில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் இரண்டில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் அண்ணன் தங்கை. மாமாவின் பிள்ளைகளும் அத்தையின் பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. இரண்டுக்கும் நடுவே பொதுவான ஒரு சொல் இல்லை. ஆகவே ஒரு பெண் அந்நிய ஆணை ‘அண்ணா’ என்று அழைக்கும்போது பாசத்தைக் காட்டிலும் முதலில் சொல்வது, “நீங்கள் அந்தப் பக்கம் இல்லை” என்பதைத்தான். முதல் வீட்டுக்காரர் ‘என்னம்மா’ என்று அதை ஏற்றுக்கொண்டார். மனைவியை அழைத்ததும் அந்த ஏற்பின் தொடர்ச்சியே. இரண்டாமவர் அந்த வேலியைப் பிடுங்கினார். அவருடைய ‘ங்க’ அதற்குப் போர்த்திய துணி.

இதனால்தான் என் வயதுப் பெண்கள் வழி கேட்கும்போதுகூட ‘மாமா’, ‘அத்தான்’ என்று ஓர் அந்நியரை அழைப்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மனைவி கணவனை அழைக்கும் சொற்கள் அவை. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. பிராமணக் குடும்பங்களில் உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, மாமிதான். அங்கே அந்தச் சொற்களில் இந்தக் கூச்சம் இல்லை.

செந்தமிழ்ப்பித்தன்:
சிக்கலே ‘அண்ணா’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது தெலுங்கிலிருந்து வந்து நகரத்தில் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘அண்ணே’ என்பதே சரி. அவர் அண்ணே என்று அழைத்திருந்தால் அந்த ஆள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

தமிழாசிரியை:
பாதி சரி. தொல்காப்பிய விளிமரபில் ‘அன்’ என்று முடியும் பெயர் விளிக்கும்போது ‘ஆ’ ஆகும் என்று ஒரு விதி உண்டு. முறைப்பெயர் ‘ஏ’ பெறும் என்று தனியே இன்னொரு விதியும் உண்டு. மகன் மகனே ஆவது போல் அண்ணன் அண்ணனே ஆகி, பேச்சில் சுருங்கி அண்ணே ஆயிற்று என்று கொண்டால் உங்கள் கட்சிக்கு வலுவுண்டு. ஆனால் ஐயன் ஐயா ஆகும்போது அண்ணன் அண்ணா ஆவதற்குத் தெலுங்கின் துணை தேவையில்லை. தெலுங்கிலும் அண்ணனை அன்னா என்றே விளிப்பதால் கடன் போலத் தோன்றுகிறது. கோவைப் பக்கம் ‘ஏனுங்ணா’ என்று வாய் நிறைய அழைப்பவர்களிடம் போய் அது தமிழில்லை என்று சொல்லிப் பாருங்கள். மற்றபடி அந்த வாசலில் எந்த விகுதியும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

யாழ்ப்பாணத்தான்:
நான் சென்னையில் ஓர் ஆட்டோக்காரரை எங்கள் வழக்கப்படி ‘அண்ணை’ என்று கூப்பிட்டேன். அவர் உடனே திரும்பி, “சிலோனா தம்பி?” என்று கேட்டார். அந்த ஐகாரம் ஒன்றே என் ஊரைச் சொல்லிவிட்டது. அதன்பின் வழியெல்லாம் எங்கள் நாட்டு நிலவரத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். எங்களிடம் ‘மச்சான்’ என்பது நண்பர்களுக்குள் சாதாரணம், சிங்கள நண்பர்களும் அப்படித்தான் அழைப்பார்கள். அதை அங்கே ஒரு கடைக்காரரிடம் சொன்னபோது அவர் ஏன் முகத்தை மாற்றிக்கொண்டார் என்பது முறை பார்ப்பவள் எழுதியதைப் படித்த பிறகுதான் ஓரளவு விளங்குகிறது.

பழைய நடத்துநர்:
தம்பி, எங்களிடமும் நண்பர்களுக்குள் மச்சான் உண்டு. முன்பின் தெரியாதவரிடம் சொன்னால், அவர் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பேசியது போல் சிலர் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் அல்ல.

கடலோரத்தான்:
கேட்ட கேள்விக்கு இது நேரான பதில் அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். தொடர்வண்டியில் என் பெட்டியில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ‘அண்ணே’. என் தொப்பியையும் தாடியையும் பார்த்ததும் நான் மட்டும் ‘பாய்’. அந்தச் சொல்லுக்கும் சகோதரன் என்றுதான் பொருள். ஆனால் தமிழில் அது மூத்தவன், இளையவன் என்று பார்ப்பதில்லை. 20 வயதிலும் பாய், 60 வயதிலும் பாய். உறவுக்குள் அழைக்கும் சொல்லா, அடையாளம் சொல்லும் சொல்லா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் தந்தைக்கு அது பிடித்திருந்தது. ‘வாங்க பாய்’ என்ற குரலில் தமக்கு ஒரு மதிப்பு இருப்பதாக அவர் சொல்வார். எனக்கோ, எங்கள் தெருவில் அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்று அழைக்கும்போது வரும் நெருக்கம் அதில் வருவதில்லை. ஒருமுறை பக்கத்து இருக்கைச் சிறுவன், “அண்ணே, அந்தச் சன்னலைச் சாத்துறீங்களா?” என்றான். அவனுடைய தாய் உடனே, “பாய்னு சொல்லுடா” என்று திருத்தினார். மரியாதைக்காகத்தான் திருத்தினார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கதவுதட்டி:
கடலோரத்தான் எழுதியதைப் படித்தபின், நானும் இதுவரை எத்தனையோ வாசல்களில் யோசிக்காமல் ‘பாய்’ என்றிருப்பது நினைவுக்கு வருகிறது. நேற்று ஒரு வீட்டில் ‘அண்ணா’ என்று தொடங்கிப் பார்த்தேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, “சொல்லும்மா” என்றார். அந்தத் தயக்கம் வியப்பா விலகலா என்று எனக்குத் தெரியவில்லை. படிவம் மட்டும் முழுமையாக நிரம்பியது.

முறை பார்ப்பவள்:
‘சொல்லுங்க’ என்றாரா, ‘சொல்லும்மா’ என்றாரா? சரியாக நினைவிருக்கிறதா?

கதவுதட்டி:
‘ம்மா’ இருந்தது.