அட்வான்ஸ் டாக்ஸ்: தவணைக்கு ஒரு சொல், சேர்ந்த தொகைக்கு ஒரு சொல்

கோவை, மென்பொருள் தமிழாக்கம்

வணக்கம். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் கணக்கு எழுதும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சம்பளக்காரருக்கு நிறுவனமே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவருக்குப் பிடிப்பதற்கு ஆளில்லை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களில் 15ஆம் தேதிக்குள் அவரே கட்ட வேண்டும். இந்த அட்வான்ஸ் டாக்ஸுக்கு 'முன்பண வரி' என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே 'தவணை: 15%, 45%, 75%, 100%' என்று ஒரு வரி. இரண்டும் சரிதானா?

ஈரோடு, வரி ஆலோசகர்

இரண்டையுமே மாற்றச் சொல்வேன். நம்ம பக்கம் முன்பணம் என்றால் தறிக்காரருக்குக் கொடுக்கிற முன்பணம்தான் முதலில் நினைவுக்கு வரும். வேலைக்கு முன்னால் கொடுப்பது, பிறகு கழித்துக்கொள்வது. அதே எண்ணத்தில்தான் என்னிடம் வருகிறவர்களும் 'அடுத்த வருஷ வரியை இப்பவே எதுக்குங்க கட்டணும்?' என்று கேட்கிறார்கள். இது அடுத்த வருட வரி அல்ல. இந்த ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டுக்குள்ளேயே கட்டுவது. கழிவு, பிடித்தம் எல்லாம் போக ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டியே ஆக வேண்டும். விருப்பம் இருந்தால் கட்டலாம் என்கிற பேச்சே இல்லை.

அதனால் 'முன்கட்டு வரி' என்று வைக்கலாம். பணம் என்ற சொல் போய்விட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

திருப்பூர், ஆடை ஏற்றுமதி ஆலோசகர்

நாலு தவணை எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? தனி ஆளுக்கு மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று என் ஆடிட்டர் சொன்னார். நாலு தேதியையும் போட்டு செயலியில் மக்களைப் பயமுறுத்த வேண்டாம்.

ஈரோடு, வரி ஆலோசகர்

அது பாதி சரிங்க. வரவில் பாதியையாவது லாபமாகக் காட்டும் 44ஏடிஏ முறையைத் தேர்ந்தெடுத்தால் மார்ச் 15 ஒன்றே போதும். ஆனால் அது பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான். வரவுக்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் ஆலோசனை வேலை அந்தப் பட்டியலுக்குள் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் வாடிக்கையாளர் ஒருவர் கோவையில் ஜவுளி இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிறார். பணம் முழுக்க ஜெர்மனியிலிருந்து வருகிறது, பிடித்தம் ஒரு பைசா கிடையாது. வரைபடக்காரர்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதால் வரவில் பாதி லாபமாக நிற்பதில்லை. அவர் கணக்குப் புத்தகம் வைத்து, தணிக்கை செய்து, உண்மையான லாபத்தைக் காட்டுகிறார். அவருக்கு நாலு தேதியும் பொருந்தும்.

ஒரு வருடம் அவருக்கு மொத்த வரி 1,20,000 ரூபாய் வந்தது. ஜூன் தவணை 15% என்று கேள்விப்பட்டு 18,000 கட்டினார். தவணை என்றாலே ஒரே அளவுதானே என்று செப்டம்பரிலும் டிசம்பரிலும் அதே 18,000. மீதி 66,000 ரூபாயை மார்ச்சில் கட்டி முடித்தார். வரி முழுக்கக் கட்டியாயிற்று, ஆனாலும் ரிட்டர்ன் போடும்போது வட்டி நின்றது. செப்டம்பர் 15க்குள் மொத்தம் 54,000 சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தது 36,000. குறைந்த 18,000 ரூபாய்க்கு மாதம் 1% வீதம் மூன்று மாதம், 540 ரூபாய். டிசம்பரில் 90,000 சேர வேண்டிய இடத்தில் 54,000தான் இருந்தது. குறைவு 36,000, வட்டி 1,080. ஆக 1,620 ரூபாய்.

அந்த 45% என்பது செப்டம்பரில் கட்டுவது அல்ல, செப்டம்பர் வரை கட்டியிருக்க வேண்டியது. செயலியில் 'தவணை: 45%' என்று போட்டால் இதே தவறு நடக்கும். அல்லது இன்னொருவர் 18,000க்கு மேல் செப்டம்பரில் இன்னொரு 54,000, டிசம்பரில் இன்னொரு 90,000 என்று வரியை மிஞ்சிக் கட்டிவிட்டு, ரீஃபண்டுக்காக ரிட்டர்ன் போடும்வரை காத்திருப்பார்.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

எனக்கு 67 வயது. மூத்த குடிமக்களுக்கு இந்த வரி கிடையாது என்று வங்கியில் சொன்னார்கள். பென்ஷனும் வைப்புத்தொகை வட்டியும் வருகிறது. ஒரு பதிப்பகத்துக்குப் பாடநூல் திருத்திக் கொடுத்து அதிலும் கொஞ்சம் வருகிறது. எனக்கும் இந்தத் தேதிகள் உண்டா?

சொல்லைப் பற்றி: பள்ளிக் கணக்கில் 'குவிவு நிகழ்வெண்' என்று நடத்துவோம், ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. அதையொட்டி 'குவிவுத் தொகை' எனலாம்.

ஈரோடு, வரி ஆலோசகர்

ஐயா, பென்ஷனும் வட்டியும் மட்டும் என்றால் உங்களுக்கு விலக்கு உண்டு. தொழில் வருமானம் சேர்ந்தால் அந்த விலக்கு இல்லை. திருத்தும் வேலையில் வருவது தொழில் வருமானமாகவே பார்க்கப்படும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிடித்தம் போக 10,000 ரூபாய்க்குக் கீழேதான் வரி நிற்கிறது என்றால் கவலையே இல்லை. அதை முதலில் பாருங்கள்.

கோவை, மென்பொருள் தமிழாக்கம்

குவிவுத் தொகை சரியான சொல், ஆனால் பள்ளிக் கணக்கை மறந்துவிட்டவருக்குப் பிடிபடாது. 'அதுவரைத் தொகை' என்றால்? 'செப்டம்பர் 15, அதுவரைத் தொகை 54,000. ஏற்கெனவே கட்டியது 18,000. இந்தத் தவணை 36,000.' இப்படி மூன்று வரியாகத் திரையில் காட்டலாம்.

திருப்பூர், ஆடை ஏற்றுமதி ஆலோசகர்

இது புரிகிறது. அப்படியானால் நாலு சம பங்காகக் கட்டக் கூடாதா?

ஈரோடு, வரி ஆலோசகர்

தாராளமாகக் கட்டலாம். 25, 50, 75, 100 என்று போகும், எந்தத் தேதியிலும் குறையாது. சதவீதம் நினைவில் நிற்காதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். தேதி மட்டும் தவறக் கூடாது. ஜூன் 16 அன்று கட்டினாலும் அந்தத் தவணைக்கு மூன்று மாத வட்டி வரும், ஒரு நாள் வட்டி அல்ல. நம்ம ஆள் ஜூனில் ஒரு நாள் பிந்தியிருந்தால் 18,000க்கு 540 ரூபாய்.

அதுவரைத் தொகைக்கு என் ஓட்டு. குவிவு என்ற சொல்லை உதவிப் பக்கத்தில் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள், ஐயா சொன்னது வீணாகக் கூடாது. பிரிவு எண்களைத் தலைப்பில் போட வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வருவதால் எண்களெல்லாம் மாறுகின்றன. பணம் கட்டும் பக்கத்தில் `Advance Tax (100)` என்பதை அப்படியே காட்டுங்கள். அதற்குப் பதில் `Self-Assessment Tax (300)` என்று கட்டிவிட்டால் வேறு கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

ஒரு சந்தேகம். ஆண்டு முடியாமல் மொத்த வரி எவ்வளவு என்று ஜூனிலேயே எப்படித் தெரியும்?

ஈரோடு, வரி ஆலோசகர்

தெரியாதுங்க ஐயா. கையில் இருக்கும் வேலையை வைத்து உத்தேசமாகப் போட வேண்டியதுதான், ஒவ்வொரு தேதியிலும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் வட்டி கணக்கிடுவது கடைசியில் வந்த உண்மையான வரியை வைத்து. ஜனவரியில் பெரிய வேலை ஒன்று கிடைத்தால் ஜூன், செப்டம்பர் கணக்கும் குறைந்ததாகிவிடும். தொழில் வருமானம் முதல் தடவையாக வரும் ஆண்டுக்கு மட்டும், மிச்சமுள்ள தவணைகளில் கட்டிவிட்டால் அந்த வட்டி இல்லை.

கோவை, மென்பொருள் தமிழாக்கம்

அப்படியானால் திரையில் 'மதிப்பீட்டு வரி' என்று எழுதியிருந்ததை 'உத்தேச வரி' என்று மாற்றுகிறேன். மதிப்பீடு என்றால் வருமான வரித்துறை செய்யும் மதிப்பீடு என்று எடுத்துக்கொள்வார்கள். 'முன்கட்டு வரி' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, அதிலும் 'முன்' நிற்கிறது. 'ஆண்டுக்குள் வரி' என்று யோசித்தேன், வீட்டு வரி போலத் தோன்றுகிறது. வேறு யாருக்காவது நல்ல சொல் தட்டுப்பட்டால் எழுதுங்கள். அதுவரை முன்கட்டு வரி என்றே போட்டுவைக்கிறேன்.