தேர்வு முடிந்த பின் பயிற்சிச் செயலியின் சந்தாவை நிறுத்துவது: யுபிஐ ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்தால் போதுமா?

நீடாமங்கலத்துத் தேர்வர்: 2025 ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வை எழுதி முடித்துவிட்டேன். சென்ற ஆகஸ்டில் ஒரு செயலியில் 899 ரூபாய்க்கு ஓராண்டுத் தேர்வுத் தொடர் எடுத்திருந்தேன். பணத்தை அப்பாவின் கைப்பேசியிலிருந்து யுபிஐ வழியாகக் கட்டினோம். தேர்வு முடிந்ததும் செயலியை நீக்கிவிட்டேன். ஆனால் ஆகஸ்ட் 9 அன்று மீண்டும் 899 ரூபாய் எடுக்கப்படும் என்று அப்பாவின் கைப்பேசியில் காட்டுகிறது. அது குறுவைக் களையெடுப்புக் கூலிக்காக வைத்திருக்கும் பணம். எங்கே, எதை நிறுத்த வேண்டும்?

திருவையாறு வாசகர்: இதில் குழம்புவதற்கு எதுவும் இல்லை. அப்பாவின் யுபிஐ செயலியில் AutoPay பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் அனுமதியை ரத்து செய்து, ரகசிய எண்ணை இடுங்கள். வங்கிக் கதவு மூடிய பிறகு யாராலும் பணம் எடுக்க முடியாது. பயிற்சி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருப்பது வீண் வேலை என்பதே என் உறுதியான கருத்து.

மன்னார்குடி கணினி மையம்: திருவையாறு நண்பர் கூறுவது பாதி சரி. அனுமதியை ரத்து செய்தால் அந்த அனுமதியின் வழியாகப் பணம் போகாது என்பது உண்மை. ஆனால் சந்தா தன் இடத்தில் உயிரோடுதான் இருக்கும். சந்தா என்பது விற்றவருக்கும் உங்களுக்கும் உள்ள ஏற்பாடு, ஆட்டோபே என்பது வங்கிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி. இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் பணத்தை வாங்கியவர் யார் என்று பாருங்கள். சென்ற ஆகஸ்டில் வந்த ரசீது மின்னஞ்சலில் ஆர்டர் எண் GPA என்று தொடங்கினால், சந்தா கூகுள் பிளேயின் வழியாக எடுக்கப்பட்டது. அப்படியானால் உங்கள் கைப்பேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions என்று சென்று, அந்தச் செயலியைத் தேர்ந்து Cancel subscription கொடுக்க வேண்டும். செயலியை நீக்கியிருந்தாலும் சந்தா அந்தப் பட்டியலில் இருக்கும், ஏனெனில் செயலியை நீக்குவது சந்தாவை நிறுத்துவதில்லை. பட்டியல் வெறுமையாகத் தெரிந்தால், சந்தா எடுத்தபோது வேறு கூகுள் கணக்கில் இருந்தீர்களா என்று பாருங்கள். எங்கள் மையத்துக்கு வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இங்கே யுபிஐ அனுமதியை மட்டும் ரத்து செய்தால், கூகுள் பணம் வரவில்லை என்று கருதிச் சில நாட்கள் மறுபடியும் முயலும். கணக்கில் மாற்றுக் கட்டண முறையாக ஓர் அட்டையைச் சேமித்து வைத்திருந்தால், அதிலிருந்து எடுக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் பிளே ஸ்டோரில் சந்தா, பிறகு அப்பாவின் கைப்பேசியில் ஆட்டோபே என்ற வரிசையில் செய்யுங்கள்.

ரசீது நேரடியாகப் பயிற்சி நிறுவனத்திடமிருந்து வந்திருந்தால் பிளே ஸ்டோரில் எதுவும் தெரியாது. அப்போது அவர்களுடைய தளத்தில் உங்கள் கணக்கிற்குள் நிறுத்தும் வசதியைத் தேடுங்கள். இல்லையென்றால், புதுப்பிக்க வேண்டாம் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அனுமதியை ரத்து செய்யுங்கள். ரத்தான பக்கத்தில், அந்த ஆட்டோபே அனுமதிக்குரிய தனி அடையாள எண்ணான UMN தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

கும்பகோணம் பயிற்றுநர்: தேர்வு முடிந்த கையோடு அனைவரும் ரத்து செய்யத் துடிப்பதை நான் ஏற்கவில்லை. செப்டம்பர் 28 அன்று குரூப் 2 முதல்நிலைத் தேர்வு வருகிறது. வினாத்தாள் தயாரிக்கவும் விடைகளைச் சரிபார்க்கவும் நாங்கள் ஆண்டு முழுவதும் உழைக்கிறோம். ஆண்டுச் சந்தாவின் விலையும் அதை வைத்தே குறைவாக நிர்ணயிக்கப்படுகிறது. இப்போதே ரத்து செய்தால் மீதமுள்ள நாட்களின் தேர்வுகளையும் இழப்பீர்கள்.

மன்னார்குடி கணினி மையம்: ஐயா, உங்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வாக்கியம் கூகுள் பிளே சந்தாவுக்குப் பொருந்தாது. இன்று ரத்து செய்தாலும், பணம் கட்டிய காலம் முடியும் வரை தேர்வுகளைத் திறக்கலாம். நிற்பது அடுத்த புதுப்பிப்பு மட்டுமே. குரூப் 2 எழுத விரும்புபவரும் பழைய சந்தாவைத் தானாகப் புதுப்பிக்க விடுவதைவிட, அது குரூப் 2 பாடத்திட்டத்தை உள்ளடக்கியதா என்று பார்த்துத் தேவையானதைப் புதிதாக எடுப்பதே சரி.

பாபநாசம் மாணவி: நான் மார்ச்சில் ஓராண்டுக்குக் கட்டினேன். நான்கு மாதங்களில் தேர்வு முடிந்துவிட்டது. மீதி எட்டு மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பது அநியாயம் இல்லையா? சந்தாப் பொறி சட்டவிரோதம் என்று 2023-இலேயே அரசு அறிவித்துவிட்டதே.

கும்பகோணம் பயிற்றுநர்: எத்தனை மாதம் பயன்படுத்துவீர்கள் என்பது உங்கள் முடிவு. தேர்வு ஜூலையில் என்று தெரிந்த பின்பும் குறைந்த விலைக்காக ஓராண்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியைத் திருப்பிக் கேட்பது நேர்மையான கோரிக்கை ஆகாது.

மன்னார்குடி கணினி மையம்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட, இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் இருண்ட உத்திகள் குறித்த வழிகாட்டுதலில் சந்தாப் பொறியும் இடம்பெற்றுள்ளது. அது கண்டிப்பது, ரத்து செய்ய இயலாதபடி சிக்கலாக்குவதையும் நிறுத்தும் வழியை மறைப்பதையும்தான். நீங்கள் பயன்படுத்தாத மாதங்களுக்குப் பணம் திரும்ப வரும் என்று அது சொல்லவில்லை. விற்றபோது காட்டிய திரும்பப் பெறும் நிபந்தனையைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் நிறுத்தும் பொத்தானே இல்லாமல் அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்க முழுக் காரணம் உண்டு.

பட்டுக்கோட்டை தந்தை: என் மகளுக்குப் பயிற்சி எடுத்தபோது மாதம் 2,000 ரூபாய் போவதுபோல் கையொப்பம் இட்டேன். தேர்வு முடிந்துவிட்டது. திருவையாறு நண்பர் சொன்ன முறையில் நானும் இன்றே ரத்து செய்துவிடுகிறேன்.

மன்னார்குடி கணினி மையம்: தயவுசெய்து பொறுங்கள். உங்களுடையது சந்தாவாக இல்லாமல் கடனாக இருக்கலாம். பயிற்சிக்கான முழுத் தொகையையும் ஒரு நிதி நிறுவனம் பயிற்சி மையத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்களிடம் மாதத் தவணையாக வசூலிக்கும் ஏற்பாடு இது. வங்கிக் கணக்கு அறிக்கையில் பணம் எடுப்பவரின் பெயர் பயிற்சி மையமா, நிதி நிறுவனமா என்று பாருங்கள். கடன் ஒப்பந்தம் என்று ஏதேனும் மின்னஞ்சலில் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். கடனாக இருந்தால், தேர்வு முடிந்தாலும் தவணை முடியாது. அனுமதியை ரத்து செய்தால் தவணை தவறியதாகப் பதிவாகி, அபராதத்தோடு உங்கள் சிபில் மதிப்பெண்ணும் குறையும். பிறகு பயிர்க்கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

திருவையாறு வாசகர்: கடன் தவணைக்கு என் வழி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 899 ரூபாய்க்கு இன்னும் என் கருத்து அதுதான். பணம் எடுப்பதற்கு முன் எப்படியும் தகவல் வருமே?

மன்னார்குடி கணினி மையம்: வரும், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய புதுப்பிப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்கப்படாது. தகவல் போவதும் அப்பாவின் கைப்பேசிக்கு. வயலில் நிற்பவர் அதைப் படித்து அன்றே மகனிடம் சொல்வார் என்று நம்பி இருக்க முடியாது.

நீடாமங்கலத்துத் தேர்வர்: ரசீதைத் தேடி எடுத்தேன், எண் GPA என்றுதான் தொடங்குகிறது. பிளே ஸ்டோரில் ரத்து செய்தவுடன், ஆகஸ்ட் 9 வரை பயன்படுத்தலாம் என்று காட்டியது. அட்டை எதுவும் சேமிக்கப்படவில்லை. மாலையில் அப்பா வந்ததும் ஆட்டோபேயையும் ரத்து செய்கிறேன்.

பாபநாசம் மாணவி: நான் வாங்கியபோது காட்டப்பட்ட நிபந்தனைப் பக்கம் இப்போது தளத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. பழைய நிபந்தனையை நான் எப்படி நிரூபிப்பது?